வசனக் கணக்குகளும் பட்டை மாதிரியுருவும்
(இரு படிகளில் தீர்க்கும் பிரசினங்கள் – தரம் 4, 5 மட்டம்)



க.பொ.த (சா/த) கணித வினாத்தாளில் வசனக் கணக்குகளுக்குச் சமன்பாடு அமைக்க முடியாமல் புள்ளிகளை இழப்பவர்கள் பலர். இவர்களிற் பெரும்பாலானோருக்குச் சமன்பாட்டைத் தீர்க்கத் தெரியும். வசனத்தைச் சமன்பாடாக மாற்றுவதுதான் தெரியாது. இக்குறைபாடு தரம் 11 இல் தோன்றியதன்று. அது தரம் 4, 5 இலேயே தொடங்கியிருக்கும். எனவே இப்பாடத்தில் சற்றுப் பின்னால் சென்று, மேல் ஆரம்ப வகுப்பில் இரு படிக் கணக்கொன்றைப் படம் வரைந்து கற்பிக்கும் முறையைப் பார்ப்போம். வீட்டில் தம்பி தங்கையருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர்களுக்கும் இது உதவும்.

1. பட்டை மாதிரியுரு என்றால் என்ன?

கணக்கில் வரும் ஒவ்வொரு தொகையையும் ஒரு செவ்வகப் பட்டையாக வரைந்து, தெரிந்த எண்களை அதன்மேல் எழுதி, தெரியாததற்கு வினாக்குறி இடுவதே பட்டை மாதிரியுரு ஆகும். இம்முறை 1980களில் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சின் பாடத்திட்டக் குழுவினரால், கோ டெக் ஹொங் என்பவரின் தலைமையில், ஆரம்பப் பாடசாலைகளுக்காக உருவாக்கப்பட்டது. வசனக் கணக்குகளில் அங்குள்ள பிள்ளைகளும் இடர்ப்பட்டமையே இதற்குக் காரணமாகும்.

நாம் கணிதத்தில் வரையும் சலாகை வரைபு வேறு, இது வேறு. சலாகை வரைபில் அளவுத்திட்டம் உண்டு. பட்டை மாதிரியுருவில் அளவுத்திட்டம் இல்லை. பெரிய தொகை நீளமாகவும் சிறிய தொகை கட்டையாகவும் இருந்தாற் போதுமானது.

2. பிள்ளை எங்கே தவறுகின்றது?

பின்வரும் கணக்கைப் பாருங்கள்.

உதாரணம் 1: கண்ணனிடம் 84 முத்திரைகள் உள்ளன. இது நிமலனிடம் உள்ள முத்திரைகளிலும் 26 கூடியதாகும். இருவரிடமும் உள்ள மொத்த முத்திரைகள் எத்தனை?

தரம் 5 இல் படிக்கும் ஒரு மாணவி இதற்கு 84 + 26 = 110 என எழுதி விடையின் கீழ் இரட்டைக் கோடும் போட்டாள். ஏன் கூட்டினாய் என்று கேட்டேன். "கணக்கில கூட எண்டு கிடக்குத்தானே சேர்" என்றாள்.

அவள் கூட்டியதில் பிழை இல்லை. 84 உம் 26 உம் 110 தான். ஆனால் அந்த 110 என்பது யாரிடமும் இல்லாத முத்திரைகள். நமது மொழியில் "கூடியது" என்ற சொல்லும் "கூட்டல்" என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வருவதால் இந்த மயக்கம் இலகுவில் ஏற்படுகின்றது. "கூட" என்றால் கூட்டு, "குறைய" என்றால் கழி, "மடங்கு" என்றால் பெருக்கு என்று சொல்லிக் கொடுத்தால் ஒரு படிக் கணக்குகள் பலவற்றில் விடை சரியாக வந்துவிடும். அதனால் அம்முறை சரியானது என்று பிள்ளையும் ஆசிரியரும் நம்பிவிடுகின்றனர். இரு படிக் கணக்கில்தான் குட்டு வெளிப்படுகின்றது.

அத்துடன் இரு படிக் கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. கணக்கு ஒரு வினாவை மட்டுமே கேட்கின்றது. ஆனால் அதற்கு விடை காண்பதற்கு முன், கேட்கப்படாத வேறொரு வினாவுக்கு விடை காண வேண்டியுள்ளது. இதை மறைந்துள்ள வினா எனலாம். மறைந்துள்ள வினாவைக் கண்ணுக்குத் தெரியச் செய்வதே பட்டையின் பயன் ஆகும்.

3. பாடத்தை நடத்தும் முறை

படிமுறை 1: கடதாசிப் பட்டைகள்

முதலில் பென்சில் வேண்டாம். பழைய கொப்பித் தாளிலிருந்து ஒரே அகலமுள்ள நீளமான பட்டையொன்றையும் கட்டையான பட்டையொன்றையும் வெட்டிப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். கணக்கின் முதல் இரு வசனங்களை மட்டும் வாசித்து, "எந்தப் பட்டை கண்ணனுடையது?" என்று கேட்க வேண்டும். பிள்ளை இங்கு எண்ணைப் பார்க்காமல் யாரிடம் அதிகம் உள்ளது என்பதைச் சிந்திக்கின்றது. "இது நிமலனிடம் உள்ளதிலும் கூடியது" என்பதில் "இது" என்ற சொல் கண்ணனுடைய 84 ஐக் குறிக்கின்றது என்பது தெளிந்தால் கணக்கின் பாதி முடிந்தது.

படிமுறை 2: வரைதல்

இரு பட்டைகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக, இடப்பக்கம் ஒரே நேர்கோட்டில் தொடங்குமாறு வரைய வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் வலப்பக்கத்தில் தனித்துத் தெரியும். பின்னர் தெரிந்த எண்களை எழுத வேண்டும்.

கண்ணன்
```
|<------- 84 ------->|
|====================|
```
நிமலன்
```
|======= ? ====|<-26->
```

26 ஐ எங்கே எழுதுவது என்பதே இப்பாடத்தின் முக்கிய இடமாகும். 26 என்பது நிமலனின் முத்திரைகள் அல்ல. அது இரு பட்டைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம். ஆகவே அது நிமலனின் பட்டை முடிந்த பின்னுள்ள வெற்றிடத்தில் எழுதப்படும்.

படிமுறை 3: வெற்றுப் பட்டையைத் தேடுதல்

இப்போது மூன்றாவது வசனத்தை வாசிக்க வேண்டும். இருவரிடமும் உள்ள மொத்தம் கேட்கப்பட்டுள்ளது. இரு பட்டைகளையும் சேர்த்து வலப்பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி இட்டு "மொத்தம் = ?" என எழுதச் செய்க. பின்னர் "மொத்தம் காண எந்தப் பட்டைகள் வேண்டும்? அவற்றில் எண் எழுதப்படாத பட்டை எது?" என்று கேட்க வேண்டும். நிமலனின் பட்டை வெறுமையாக உள்ளது. அதுவே மறைந்துள்ள வினா. அதுவே முதற் படி.

படிமுறை 4: கணித்தல்

நிமலனின் முத்திரைகள் = 84 – 26 = 58
மொத்த முத்திரைகள் = 84 + 58 = 142

"கூடியது" என்ற சொல் இருந்தும் முதற் படியில் கழித்தோம் என்பதைக் கவனிக்க. செய்கையைத் தீர்மானித்தது சொல் அன்று, படம்.

படிமுறை 5: சரிபார்த்தல்

விடையைக் கதைக்குள் திருப்பி வைக்க வேண்டும். 84 என்பது 58 இலும் எவ்வளவு கூட? 26. கதை பொருந்துகின்றது.

4. மடங்கு வரும் கணக்கு

உதாரணம் 2: ஒரு கொப்பியின் விலை ஒரு பென்சிலின் விலையின் 3 மடங்காகும். இரண்டையும் வாங்க ரூபா 180 தேவை. கொப்பியின் விலை யாது?

இங்கு 180 ÷ 3 = 60 என்று எழுதுவோர் அநேகர். 180 மூன்றால் மீதியின்றி வகுபடுவதால் அவர்களுக்குச் சந்தேகமும் எழுவதில்லை. படத்தை வரைவோம்.

பென்சில்
```
|=====|
```
கொப்பி
```
|=====|=====|=====|
```

பென்சிலுக்கு ஒரு கூறு. கொப்பிக்கு அதே அளவுள்ள மூன்று கூறுகள். ரூபா 180 என்பது கொப்பியின் விலை மட்டுமன்று, முழுப் படத்தின் விலை. படத்தில் உள்ள கூறுகளை எண்ணினால் 4 வரும்.

1 கூறு = 180 ÷ 4 = ரூபா 45
கொப்பியின் விலை = 45 × 3 = ரூபா 135

சரிபார்ப்போம்: 45 + 135 = 180.

இக்கணக்கில் 4 என்ற எண் எந்த வசனத்திலும் இல்லை. அதனால்தான் எண்களைப் பொறுக்கியெடுத்துச் செய்கை செய்யும் பிள்ளைக்கு அது அகப்படுவதில்லை. படத்தில் அது கண்முன் நிற்கின்றது.

சா/த மாணவர்கள் இதையே x + 3x = 180 என எழுதுவீர்கள். x என்பது வேறொன்றுமில்லை, பெயரிடப்பட்ட ஒரு கூறுதான். சமன்பாடு அமைக்கத் தடுமாறும்போது பட்டையை ஓரத்தில் வரைந்து, ஒரு கூறுக்கு x எனப் பெயரிட்டு, இடமிருந்து வலமாக வாசித்து எழுதுங்கள்.

5. வழமையாக ஏற்படும் தவறுகள்

(அ) விடையைக் கண்ட பின் படம் வரைதல். ஆசிரியர் கேட்கின்றார் என்பதற்காகச் சில பிள்ளைகள் முதலில் 110 என எழுதிவிட்டு, பின்னர் 84 க்கும் 26 க்கும் இரு பட்டைகளை வரைவர். இதைக் கண்டுபிடிக்க ஓர் இலகுவான வழி உண்டு. கணக்கைக் கையால் மறைத்துவிட்டு, "படத்தை மட்டும் பார்த்துக் கதையைச் சொல்" எனக் கேட்க வேண்டும். "கண்ணனிடம் 84, நிமலனிடம் 26" என்று பிள்ளை சொன்னால் பிழை கூட்டலில் இல்லை, வாசிப்பில் உள்ளது என்பது தெளிவாகும். மீண்டும் கடதாசிப் பட்டைக்குத் திரும்ப வேண்டும்.

(ஆ) அடிமட்டத்தால் அளந்து வரைதல். 84 க்கு 8.4 சென்ரிமீற்றர் என்று வரையத் தொடங்கினால் நேரம் வீணாவதுடன், விடை தெரியாத பட்டையை எவ்வளவு நீளத்திற்கு வரைவது என்று பிள்ளை திகைத்து நிற்கும். கைவரைவே போதும்.

(இ) கூறுகளைச் சமனின்றி வரைதல். இது மேலுள்ளதற்கு நேர்மாறானது. வெவ்வேறு தொகைகளின் நீளம் அண்ணளவாக இருக்கலாம். ஆனால் மடங்குக் கணக்கில் ஒரே கூறு மீண்டும் வரும்போது அது சம நீளமாகத் தோன்ற வேண்டும். இல்லாவிடில் நான்கு கூறுகளும் சமன் என்பது மறந்துபோகும்.

6. இம்முறையின் எல்லை

பட்டை ஒரு நீளத்தையே காட்டுகின்றது. எனவே கூட்டல், கழித்தல், மடங்கு, பின்னம், விகிதம் ஆகியவற்றுக்கு இது நன்கு பொருந்தும். மறை எண்கள் வரும் கணக்குகளுக்கும், தெரியாக் கணியம் தன்னாலேயே பெருக்கப்படும் இருபடிச் சமன்பாடுகளுக்கும் இது உதவாது. மேலும் ஒரே பார்வையில் விளங்கும் கணக்குக்குப் படம் வரையும்படி வற்புறுத்தத் தேவையில்லை. எந்தப் பட்டை வெறுமையாக உள்ளது என்பதைப் பிள்ளை மனத்திலேயே காணத் தொடங்கினால் படத்தின் வேலை முடிந்துவிட்டது.

பயிற்சி

ஒவ்வொன்றுக்கும் முதலில் பட்டை வரைந்து, மறைந்துள்ள வினாவை ஒரு வசனத்தில் எழுதிய பின் விடை காண்க.

1. ஒரு பாடசாலையில் ஆண் பிள்ளைகள் 137 பேர் உள்ளனர். இது பெண் பிள்ளைகளின் எண்ணிக்கையிலும் 29 குறைவானதாகும். மொத்தப் பிள்ளைகள் எத்தனை பேர்?

2. தந்தையின் வயது மகனின் வயதின் 4 மடங்காகும். இருவரின் வயதுகளுக்கும் இடையிலான வித்தியாசம் 27 வருடங்கள். தந்தையின் வயது யாது?

3. ஒரு வியாபாரியிடம் 6 பெட்டி மாம்பழங்கள் உள்ளன. ஒரு பெட்டியில் 24 பழங்கள் வீதம் உள்ளன. அவற்றில் 98 பழங்கள் விற்கப்பட்டன. எஞ்சிய பழங்கள் எத்தனை?

விடைகள்

1. பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? 137 + 29 = 166. மொத்தம் 137 + 166 = 303. ("குறைவானது" என்று இருந்தும் கூட்டியுள்ளோம். 108 எனப் பெற்றவர்கள் எந்தப் பட்டை நீளமானது என்பதை மீண்டும் பார்க்க.)

2. ஒரு கூறு எவ்வளவு? வித்தியாசத்தில் 3 கூறுகளே உள்ளன. 27 ÷ 3 = 9. தந்தையின் வயது 9 × 4 = 36 வருடங்கள்.

3. தொடக்கத்தில் எத்தனை பழங்கள் இருந்தன? 24 × 6 = 144. எஞ்சியவை 144 – 98 = 46.