கண்டெய்னர் மேல் ஓர் எறும்பு

கேள்வி: எங்கள் பக்கம் எண்ணூர் சாலையில் எப்போது பார்த்தாலும் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும். பெட்டியின் கீழ்மூலையில் இருக்கும் எறும்பு எதிர்ப்பக்க மேல்மூலைக்குப் போகக் குறுக்குவழி எது என்று மகள் கேட்கிறாள். இந்தக் கணக்கை முதலில் கிளப்பிவிட்டவர் யார்?
- ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: இதைப் பிரபலமாக்கியவர் இங்கிலாந்தின் புதிர்க்காரர் ஹென்றி டியூட்னி. 1903இல் ஒரு வாரப் பத்திரிகையில் போட்டார். அவர் புதிரில் எறும்பு இல்லை; ஈயைப் பிடிக்கப் போகும் சிலந்தி. பெட்டியைப் பிரித்துத் தாளில் விரிக்கும் வித்தை அதைவிடப் பழையது. ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1525இலேயே அப்படிப் படம் போட்டு அச்சிட்டிருக்கிறார்.

உங்கள் லாரிப் பெட்டிக்கு வருவோம். நீளம் 20 அடி, அகலம் 8, உயரம் எட்டரை. பக்கச் சுவரில் கோணலாக ஏறி, மேல்மூலையைத் தொட்டதும் விளிம்போடு 8 அடி நடந்தால் போதும் என்றுதான் பலருக்கும் தோன்றும். அது 29.73 அடி. இப்போது பக்கச் சுவரையும் கூரையையும் ஒரே தகடாக விரியுங்கள். 20 அடி நீளம், பதினாறரை அடி அகலம். அதன் மூலைக்கு மூலை நேர்கோடு 25.93 அடிதான். எறும்பு கூரை விளிம்பைத் தாண்டும் இடம், கிளம்பிய முனையிலிருந்து 10.3 அடி தள்ளி.

ஆனால் எந்த இரண்டு முகங்களை விரிப்பது? மூன்று விதமாக விரிக்கலாம். எப்படி விரித்தாலும் மூன்று அளவுகளின் வர்க்கக் கூட்டல் (536.25) மாறாது. அதோடு, நீங்கள் ஒன்றாகக் கூட்டிய இரண்டு அளவுகளின் பெருக்கலில் இரு மடங்கு சேரும். அந்தச் சேர்க்கை குறைய வேண்டுமானால், சின்ன அளவுகள் இரண்டையும்தான் கூட்ட வேண்டும். 8, எட்டரை, சேர்வது 136. மொத்தம் 672.25, அதன் வர்க்கமூலமே நம் விடை. நீளத்தை உயரத்தோடு கூட்டியிருந்தால் 29.6 அடி ஆகியிருக்கும். (நிஜக் கண்டெய்னர் தகடு நெளிநெளியாக இருக்கும். எறும்பு அந்த நெளிவுகளில் ஏறி இறங்குவதால் தூரம் கூடும். நம் கணக்கு சமதளச் சுவருக்கு மட்டும்.)

இந்தச் சூத்திரம் மூலைக்கு மூலைதான் செல்லும். புள்ளி சுவரின் நடுவில் இருந்தால் ஏமாற்றிவிடும். டியூட்னியின் அறை 30 அடி நீளம். அகலமும் உயரமும் 12. ஒரு கடைசிச் சுவரின் நடுவில், கூரைக்கு ஓரடி கீழே சிலந்தி. எதிர்ச்சுவரின் நடுவில், தரைக்கு ஓரடி மேலே ஈ. கூரை வழியாக நேராகப் போனால் 1, 30, 11 என்று 42 அடி. கூரை, பக்கச் சுவர், தரை மூன்றையும் படிபோல விரித்தால் கோடு 32 அடி நெடுக்கும் 24 அடி குறுக்கும் போகிறது. நீளம் சரியாக 40. ஆறு முகங்களில் ஐந்தைத் தொடுகிற பாதை அது!

மகள் விரிக்கும்போது ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். கோடு தாளுக்கு வெளியே போனால் அந்த விடை செல்லாது. அடுத்து 40 அடிக் கண்டெய்னரைப் போட்டுப் பார்க்கட்டும். அகலமும் உயரமும் அதேதான். 43.27 வர வேண்டும்.