கூகை மறைந்தால் செம்பனைக்கு என்ன ஆகும்?

மாணவர்களே, இன்று ஷா ஆலம் நகரம் இருக்கும் நிலத்தில் ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் வளர்ந்தன. இந்த வாரப் பயிற்சிக்கு ஒரு செம்பனைத் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். புல், மான், புலி என்று எழுதிப் பழகிய கைக்கு இது கொஞ்சம் வேலை வைக்கும்.

இந்தப் பெயர்களைத் தாளில் எழுதுங்கள்: செம்பனை, எலி, மூக்குவண்டு, கூகை, நாகப்பாம்பு. சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் செம்பனை மட்டுமே இங்கே உற்பத்தியாளர். இனி அம்புக்குறிகளை வரையுங்கள். உண்ணப்படுவதிலிருந்து உண்பதை நோக்கித்தான் அம்பு செல்ல வேண்டும். பலர் இதைத் தலைகீழாகப் போட்டு மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

செம்பனை → எலி → கூகை. எலி பழத்தைத் தின்பதால் அது முதல்நிலைப் பயனீட்டாளர், கூகை இரண்டாம்நிலை. இதுவரை எளிது. ஆனால் செம்பனையின் ஆண் பூக்களில் மூக்குவண்டின் புழுக்கள் வளர்கின்றன. எலி அவற்றையும் தேடித் தின்னும்.

செம்பனை → மூக்குவண்டு → எலி → கூகை. இந்தச் சங்கிலியில் அதே எலி இரண்டாம்நிலைப் பயனீட்டாளர், கூகை மூன்றாம்நிலை. ஆகவே ஓர் உயிரினத்தின் நிலையைக் கேட்டால், எந்தச் சங்கிலியில் என்று முதலில் பாருங்கள். நாகமும் எலியைத் தின்னும். அந்த அம்பையும் சேர்த்தால் உணவு வலை உருவாகிவிடும்.

இப்போது கூகையை அழியுங்கள். இது வெறும் கற்பனை அல்ல. கூகை முட்டையிடப் பொந்து வேண்டும் என்பதால் பல தோட்டங்களில் கம்பங்கள் மேல் மரப்பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். பெட்டிக்கு அடியில் கூகை கக்கிய உருண்டைகள் கிடக்கும். அவற்றைப் பிரித்தால் எலி மண்டையோடுகளை எண்ணலாம். ஆனால் அதே தோட்டத்தில் கடுமையான எலி மருந்து வைத்தால், அதைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள்கள் தள்ளாடித் திரியும்போது கூகை அதைப் பிடித்துத் தின்கிறது. நஞ்சு கூகையின் உடலுக்குள் போகிறது.

கூகை மறைந்தால் எலி பெருகும், பழம் குறையும். பெரும்பாலோர் இங்கேயே விடையை முடித்துவிடுவார்கள். வலையை மறுபடி பாருங்கள். பெருகிய எலிகள் மூக்குவண்டுப் புழுக்களையும் அதிகமாகத் தின்னும். ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவுக்குக் கொண்டு போவது அந்த வண்டுதான். வண்டு குறைந்தால், எலி தொடாத மரத்திலும் காய்ப்பு குறையலாம்.

எலி அளவில்லாமல் பெருகுமா? பெருகாது. நாகத்துக்கு இரை கூடுகிறது. எலிகளுக்குள்ளும் உணவுக்குப் போட்டி வரும். ஆனால் நாகம் கூகையின் இடத்தை முழுமையாக நிரப்பும் என்று எழுதிவிடாதீர்கள்; அதைச் சொல்ல நம் படம் மட்டும் போதாது.

அடுத்து உங்கள் முறை. மூக்குவண்டை மட்டும் அழித்து, மற்ற நான்குக்கும் என்ன ஆகும் என்று எழுதுங்கள். ஒரு குறிப்பு: ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து 1981இல் இந்த வண்டு மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன் பல தோட்டங்களில் மகரந்தத்தை ஆள்களே பூக்களில் தூவினார்கள்.