மின்தடையாக்கி வழியே மின்தேக்கி மின்னேற்றம் அடைதல்

9 V மின்னியக்கு விசை கொண்ட மின்கலம், 100 kΩ மின்தடையாக்கி, 100 μF மின்தேக்கி, சாவி ஆகிய நான்கும் தொடராக இணைக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். மின்தேக்கியில் தொடக்கத்தில் மின்னூட்டம் ஏதும் இல்லை. சாவியை மூடியவுடன் மின்தேக்கியின் மின்னழுத்தம் 9 V ஆகிவிடுமா? ஆகாது. அது எவ்வாறு உயர்கிறது என்பதை இப்பகுதியில் காண்போம்.

மின்னோட்டம் ஏன் குறைகிறது?

சாவி மூடப்பட்ட கணத்தில் மின்தேக்கியின் மின்னழுத்தம் சுழி. எனவே 9 V முழுவதும் மின்தடையாக்கியின் குறுக்கே அமைகிறது. அப்போது மின்னோட்டம் 9 V / 100 kΩ = 90 μA ஆகும். இம்மின்னோட்டம் மின்தேக்கியில் மின்னூட்டத்தைச் சேர்க்கிறது. அதனால் மின்தேக்கியின் மின்னழுத்தம் V உயர்கிறது. V உயர உயர, மின்தடையாக்கிக்கு எஞ்சும் மின்னழுத்தம் (E − V) குறைகிறது, மின்னோட்டமும் குறைகிறது. ஆகவே மின்தேக்கி நிரம்பும் வேகத்தை, அது இன்னும் எட்ட வேண்டிய மின்னழுத்தமே தீர்மானிக்கிறது.

இந்த எஞ்சிய மின்னழுத்தத்தை x = E − V என்க. மின்னோட்டம் I = x/R. மேலும் I = C (dV/dt). E மாறிலி ஆதலால் dV/dt = −dx/dt. எனவே,

dx/dt = −x/(RC)

t = 0 எனில் x = E என்னும் தொடக்க நிலையைக் கொண்டு தொகையிட,

x = E e^(−t/RC)

V = E (1 − e^(−t/RC))

காலமாறிலி

RC என்னும் பெருக்கற்பலன் சுற்றின் காலமாறிலி (τ) எனப்படும். ஓம் என்பது வோல்ட்/ஆம்பியர்; ஃபாரட் என்பது கூலூம்/வோல்ட். இவற்றின் பெருக்கற்பலன் கூலூம்/ஆம்பியர், அதாவது வினாடி. நமது சுற்றில்,

τ = 10⁵ Ω × 10⁻⁴ F = 10 s

தொடக்க மின்னோட்டமாகிய 90 μA குறையாமல் நீடித்திருந்தால், 10 வினாடியில் 900 μC சேர்ந்து, மின்தேக்கி 9 V-ஐ எட்டியிருக்கும். உண்மையில் மின்னோட்டம் குறைந்துகொண்டே வருவதால், அந்நேரத்தில் அது 63.2 விழுக்காட்டை, அதாவது 5.69 V-ஐ மட்டுமே எட்டுகிறது. ஒவ்வொரு 10 வினாடிக்கும் எஞ்சிய மின்னழுத்தம் 0.368 மடங்காகச் சுருங்குகிறது. 20 வினாடியில் V = 7.78 V, 30 வினாடியில் 8.55 V, 50 வினாடியில் 8.94 V. ஐந்து காலமாறிலிகளுக்குப் பின் மின்தேக்கி நடைமுறையில் முழு மின்னேற்றம் அடைந்ததாகக் கொள்ளப்படுகிறது.

எடுத்துக்காட்டு

மேற்கண்ட சுற்றில் (அ) சாவியை மூடிய 6 வினாடிக்குப் பின் மின்தேக்கியின் மின்னழுத்தம் யாது? (ஆ) எந்நேரத்தில் அது 6 V ஆகும்?

தீர்வு:

(அ) t/τ = 0.6, e^(−0.6) = 0.549
V = 9 (1 − 0.549) = 4.06 V

(ஆ) எஞ்சிய மின்னழுத்தம் x = 9 − 6 = 3 V
e^(−t/10) = 3/9 = 1/3
t = 10 ln 3 = 11.0 s

6 வினாடியில் 4.06 V என்பதைக் கொண்டு நேர்விகிதத்தில் கணக்கிட்டால் (ஆ)-வுக்கு 8.9 வினாடி எனத் தவறான விடை கிடைக்கும். V நேரத்திற்கு நேர்விகிதத்தில் உயர்வதில்லை என்பதை நினைவிற்கொள்க.

ஆய்வகத்தில் காலமாறிலியை அளத்தல்

மின்தேக்கியின் குறுக்கே வோல்ட்மீட்டரை இணைத்து, சாவியை மூடும் கணத்தில் நிறுத்துக் கடிகாரத்தை இயக்குக. அளவீடு 5.69 V ஆகும் நேரமே காலமாறிலி. மின்பகு மின்தேக்கியாயின் அதன் நேர்முனையை மின்கலத்தின் நேர்முனைப் பக்கமாகவே இணைக்க வேண்டும். ஒவ்வொரு முறை அளக்கும் முன்னும், மின்கலத்தை நீக்கி, மின்தேக்கியை ஒரு மின்தடையாக்கி வழியே முழுவதும் மின்னிறக்கம் செய்க. மின்னூட்டம் எஞ்சியிருந்தால் 5.69 V விரைவில் எட்டப்படும்; கிடைக்கும் காலமாறிலி உண்மையைவிடக் குறைவாக இருக்கும்.

வோல்ட்மீட்டரின் மின்தடையும் கருதத்தக்கது. 20 kΩ மின்தடை கொண்ட முள் வோல்ட்மீட்டரைப் பயன்படுத்தினால், அதன் வழியாகவும் மின்னோட்டம் பாயும். அப்போது மின்தேக்கியின் மின்னழுத்தம் 9 × 20/(100 + 20) = 1.5 V-க்கு மேல் உயராது. முள் 1.5 V-இல் நின்றுவிட்டால் மின்தேக்கி பழுதானது எனக் கருதிவிடக் கூடாது. வோல்ட்மீட்டரைக் கழற்றினால் மின்தேக்கி மீண்டும் 9 V நோக்கி மின்னேற்றம் அடையும். 10 MΩ மின்தடை கொண்ட டிஜிட்டல் மல்டிமீட்டரைப் பயன்படுத்தினால் இப்பிழை ஏறத்தாழ 1 விழுக்காடாகக் குறையும்.

பயிற்சி வினாக்கள்

1. மேற்கண்ட சுற்றில் மின்தடையாக்கியை 200 kΩ ஆக மாற்றினால், மின்தேக்கி எட்டும் இறுதி மின்னழுத்தம் மாறுமா? அதனை எட்டும் நேரம் மாறுமா? காரணம் கூறுக.
2. சாவியை மூடும்போது மின்தேக்கியில் ஏற்கெனவே 3 V இருந்தால், 10 வினாடிக்குப் பின் அதன் மின்னழுத்தம் யாது? (குறிப்பு: தொடக்கத்தில் x = 6 V. விடை: 6.79 V)