வீங்கிய முகம், இரண்டு நோய்: தீவகத்து நோயாளிகளை வைத்துச் சில பயனுள்ள குறிப்புகள்

யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் இறுதிப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக இவற்றை எழுதுகிறேன். வரும் நோயாளிகள் வினாத்தாளுக்காகக் கட்டப்பட்டவர்கள். ஊர்கள் மட்டும் உண்மையானவை. நெஃப்ரோட்டிக், நெஃப்ரைட்டிக் என்ற பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, வடிகட்டியில் என்ன பழுது என்று கேட்கப் பழகுங்கள். நெஃப்ரோட்டிக்கில் அது புரதத்தைத் தடுக்கும் திறனை இழக்கிறது. நெஃப்ரைட்டிக்கில் அது அழற்சியால் வீங்கி அடைபடுகிறது, இரத்தமும் கசிகிறது. மற்ற எல்லாம் இவற்றிலிருந்து பிறப்பவை.

1. சிறுநீரின் நிறத்தைத் தாயிடம் கேளுங்கள். நெடுந்தீவிலிருந்து ஆறு வயதுப் பெடியன் வருகிறான். மூன்று நாளாகக் காலையில் கண்மடல் வீங்குகிறது. "தம்பிக்குச் சலம் பிளேன்ரீ மாதிரிப் போகுது டொக்டர்" என்கிறார் தாய். இரத்தம் சிறுநீரகத்திலேயே கசிந்தால் நிறம் இப்படித்தான் கறுக்கும். சலப்பையில் கசிந்தால் பெரும்பாலும் சிவப்பாகவே, சில வேளை கட்டிகளோடும் வரும். ஊர்காவற்றுறையிலிருந்து வரும் நான்கு வயதுப் பிள்ளையின் தாயோ, நிறம் வழமைபோல, ஆனால் நுரை அடங்குவதில்லை என்கிறார். நுரை புரதத்தின் அடையாளம்.

2. டிப்ஸ்டிக்கில் புரதம் இருக்கிறது என்பதால் மட்டும் நெஃப்ரோட்டிக் என்று எழுதிவிடாதீர்கள். மாணவர்கள் அதிகம் விழும் குழி இது. நெடுந்தீவுப் பெடியனுக்கும் புரதம் 2+ காட்டுகிறது. டிப்ஸ்டிக் சொல்வது செறிவைத்தான். சிறுநீர் கட்டியாக இருந்தால் சிறு கசிவும் பெரிதாகத் தெரியும். ஆகவே காலை முதல் சிறுநீரில் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். பிள்ளைகளில் அது மில்லிமோலுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டினால் நெஃப்ரோட்டிக் அளவு. வளர்ந்தவர்களில் ஒரு நாளில் 3.5 கிராமுக்கு மேல். நெடுந்தீவுப் பெடியனுக்கு 80, இரத்த அல்புமின் லீற்றருக்கு 36 கிராம். ஊர்காவற்றுறைப் பிள்ளைக்கு 600, அல்புமின் வெறும் 14. இந்த இரண்டு எண்களே பாதி விடை.

3. படகில் வந்த சிறுநீரை நம்பிக் காஸ்டை மறுக்காதீர்கள். செங்குழியக் காஸ்ட் கண்டால் இரத்தம் வடிகட்டியிலிருந்தே வருகிறது என்று துணிந்து சொல்லலாம். ஆனால் அது எளிதில் சிதைவது. நெடுந்தீவில் காலையில் பிடித்த சிறுநீர், குறிகாட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலிலும், பிறகு பஸ்ஸில் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணத்துக்கும், அந்த வெயிலில் வந்து சேரும்போது காஸ்ட் உடைந்து கரைந்திருக்கும். றிப்போர்ட்டில் "காஸ்ட் இல்லை" என்றிருந்தால், நோயாளி வந்த இடத்திலேயே புதிதாகப் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் நுணுக்குக்காட்டியில் பாருங்கள். உருக்குலைந்த செங்குழியங்கள் தெரிந்தாலும் அதே பொருள்தான். அதே சிறுநீரில் சீழ்க்கலங்கள் 10 முதல் 15 வரை இருந்ததைப் பார்த்துச் சிறுநீர்த் தொற்று என்று அன்ரிபயோட்டிக் எழுதுவது அடுத்த தவறு. அழற்சியில் வெண்குழியமும் கசியும்.

4. டிப்ஸ்டிக்கில் இரத்தம், நுணுக்குக்காட்டியில் செங்குழியமே இல்லை என்றால் வலை இழுப்பவரா என்று கேளுங்கள். கடற்பாம்பின் நஞ்சு தசையை அழிக்கும். தசையின் மயோகுளோபின் சிறுநீரைக் கறுப்பாக்கி, டிப்ஸ்டிக்கையும் இரத்தம்போல மாற்றிவிடும். உடல் முழுதும் தசைநோவு இருக்கும். இது நெஃப்ரைட்டிக் அல்ல.

5. பிறஷரைப் பிள்ளைக்குரிய கைப்பட்டியால் நீங்களே எடுங்கள். நெடுந்தீவுப் பெடியனுக்கு 140/95. அவன் உடலில் உப்பும் நீரும் வெளியேற வழியின்றி இரத்தக் குழாய்களுக்குள்ளேயே நிறைந்திருக்கின்றன. அதனால்தான் தலையிடி, வலிப்பு, மூச்சு வாங்கல் என்று அவனுக்கு ஆபத்து வரும். அவனுக்கு உப்பையும் நீரையும் குறைத்து, ஃப்ரூசமைட் கொடுப்பது சரி. ஊர்காவற்றுறைப் பிள்ளை அவனைவிட அதிகமாக வீங்கியிருக்கிறது, விதைப்பை வரை. ஆனால் அல்புமின் இல்லாததால் நீர் இழையங்களுக்குள் போய்விட்டது, குழாய்களுக்குள் வற்றியிருக்கலாம். கைகால் குளிர்ந்து, நாடி வேகமாகி, வயிறு நோகிறது என்றால் அது வற்றலின் குறி. வீக்கத்தைப் பார்த்து அவசரப்பட்டு அதே ஃப்ரூசமைட்டைக் கொடுத்தால் அந்தப் பிள்ளை அதிர்ச்சி நிலைக்குப் போகும், குருதியும் உறையும். காய்ச்சலும் சேர்ந்தால் வயிற்று உறைத் தொற்றை நினையுங்கள். இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் வார்டுக்குப் போகக்கூடாது என்று மனதாரச் சொல்கிறேன்.

6. தொண்டையை மட்டும் பார்க்காமல் காலையும் பாருங்கள். பெடியனின் முழங்காலுக்குக் கீழே காய்ந்த சிரங்குத் தழும்புகள். தொண்டைத் தொற்று என்றால் ஒன்று, இரண்டு கிழமையில் நோய் வரும்; தோல் தொற்று என்றால் மூன்று முதல் ஆறு கிழமை பிந்தும், தாய் அதை மறந்தே போயிருப்பார். தோல் வழியாக வந்த ஸ்ட்ரெப்டோகொக்கஸில் ஏ.எஸ்.ஓ. உயராமலே இருக்கலாம். கைகொடுப்பது சி3, அது குறைந்திருக்கும். தடிமன் வந்து ஓரிரு நாளிலேயே கறுத்த சிறுநீர், சி3 சாதாரணம் என்றால் ஐ.ஜி.ஏ. நோயை எழுதுங்கள்.

7. பயொப்சி யாருக்கு என்பதும் வினாவின் பகுதி. இந்த இரு பிள்ளைகளுக்கும் உடனே தேவையில்லை. ஊர்காவற்றுறைப் பிள்ளையின் வயது ஒன்றுக்கும் பத்துக்கும் இடையில். பிறஷர் சாதாரணம், சி3 சாதாரணம், கண்ணுக்குத் தெரியும் இரத்தம் இல்லை. பிரெட்னிசலோனைத் தொடங்கலாம், பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான்கு கிழமைக்குள் புரதம் நின்றுவிடும். நிற்காவிட்டால்தான் பயொப்சி. அப்போது படம் இப்படி இருக்கும்: மினிமல் சேஞ்ச் என்றால் சாதாரண நுணுக்குக்காட்டியில் எல்லாம் சரி, ஒளிர்வுச் சோதனையில் ஒன்றுமில்லை, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் மட்டும் பாதக் கலங்களின் கால்கள் தட்டையாகியிருக்கும். சில குளோமெருலஸ்களின் ஒரு பகுதி மட்டும் தழும்பாகியிருந்தால் எஃப்.எஸ்.ஜி.எஸ்.

நெடுந்தீவுப் பெடியனைக் குத்தினால் கலங்கள் நெருங்கிப் பெருத்த குளோமெருலஸ், பொட்டுப் பொட்டாக ஐ.ஜி.ஜி.யும் சி3யும், மென்றகட்டின் வெளிப்புறத்தில் கூன்போன்ற படிவுகள் தெரியும். கிரியேட்டினின் நாளுக்கு நாள் ஏறினால் பிறைவடிவக் கலத்திரளைத் தேடி அவசரமாகப் பயொப்சி செய்ய வேண்டும். ஒளிர்வு கோடுபோல ஓடினால் அது வேறு நோய், மென்றகட்டுக்கு எதிரான பிறபொருளெதிரி.

8. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம். நயினாதீவைச் சேர்ந்த 24 வயதுப் பெண்: மூட்டு நோவு, முடி உதிர்வு, புரதம் 3+, செங்குழியக் காஸ்ட், பிறஷர் உயர்வு, சி3யும் சி4யும் குறைவு. ஒரு பெட்டிக்குள் அடைக்கப் பார்க்காதீர்கள். இது லூபஸ், எந்த வகுப்பு என்று அறியாமல் மருந்தைத் தீர்மானிக்க முடியாததால் இங்கே பயொப்சி கட்டாயம்.

9. கிணற்று நீர் உவர் என்று வினாவில் ஒரு வரி வந்தால் அதன் பின்னே போகாதீர்கள். தீவுகளில் அது வழமை. அது இந்த இரண்டு நோய்களையும் உண்டாக்காது. பதவியா, மெதவாச்சிப் பக்கத்து விவசாயிகளுக்கு வரும் காரணம் தெரியாத சிறுநீரக நோயும் நுண்குழாய்களைத் தாக்குவது. அதில் புரதம் மிகக் கொஞ்சம், முகவீக்கம் தொடக்கத்தில் இல்லை. கருவாட்டைப் பற்றி மட்டும் கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் வீங்கியிருக்கும் எந்த நோயாளிக்கும் அந்த உப்பு கூடாது.

10. வீட்டுக்கு அனுப்பும்போது நெஃப்ரோட்டிக் பிள்ளையின் தாய்க்குச் சிறுநீரைக் கொதிக்க வைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். படகுக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அது பெரிய உதவி. சோதனைக் குழாயில் முக்கால்வாசி எடுத்து மேற்பகுதியைச் சூடாக்க வேண்டும். கலங்கினால் சில துளி அசற்றிக் அமிலம். கலங்கல் தெளிந்தால் அது பொஸ்பேற்று, நின்றால் புரதம். தினமும் காலையில் பார்த்துக் கொப்பியில் எழுதட்டும். தொடர்ந்து மூன்று நாள் 3+ அளவுக்கு வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று பொருள், வீக்கம் வரும்வரை காத்திருக்கக்கூடாது. நெடுந்தீவுப் பெடியனுக்கு எட்டாம் கிழமையில் சி3 திரும்பப் பார்க்கத் திகதி கொடுங்கள். அப்போதும் குறைவாகவே இருந்தால் முதலில் எழுதிய நோயின் பெயரை வெட்டிவிட்டு, பயொப்சிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.