மைலா, காசா?

லண்டன் போய்வந்த அப்பாவின் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் ‘ஃபிளைஸ்மைல்ஸ்’ கணக்கில் 15,000 மைல் கிடக்கிறது. கிளிநொச்சிக் குடும்பம் அதை எடுத்துச் சென்னைக்குப் போகலாமா? (தொகைகள் கணக்குக் காட்டவே, அன்றைய விலையைப் போடுங்கள்.)

1. மைல் ரிக்கற்றுக்குக் கட்டவேண்டிய காசை முதலில் பாருங்கள். வரிகளும் கட்டணங்களும் மைலில் கழியாமல் நிற்கலாம். இங்கே ஒரு ரிக்கற்றுக்கு 15,000 மைலோடு 22,000 ரூபாய் என்போம்.

2. உண்மையில் வாங்கக்கூடிய மலிவான ரிக்கற்றோடு ஒப்பிடுங்கள். கட்டுநாயக்கவிலிருந்து காசு விலை 67,000 என்றால் மிச்சம் 45,000. மைலுக்கு 3 ரூபாய் என்று கணக்கு இனிக்கும். ஆனால் 2024 செப்டெம்பரிலிருந்து பலாலி–சென்னை வழியில் இண்டிகோவும் பறக்கிறது. அது பொதியோடு 45,000 என்றால், ஒப்பிடவேண்டிய விலை அதுதான்.

3. வீதிச் செலவையும் கூட்டுங்கள். கட்டுநாயக்க, பலாலியைவிடப் பலமடங்கு தூரம். வாகனத்துக்கு மேலதிகமாக 8,000 போனால், இண்டிகோ விலை 45,000இல் 22,000உம் அந்த 8,000உம் கழிய மிச்சம் 15,000. மைலுக்கு ஒரு ரூபாய்தான்.

4. அதே மைலுக்கு வேறு பயணத்தில் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். பள்ளி விடுமுறையில் காசு விலை ஏறியும் மைல் தொகை ஏறாதிருந்தால், அப்போது ஒரு மைலின் பெறுமதி கூடும். மைல் இருக்கை கிடைக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே பாருங்கள்.

5. காலாவதித் திகதியைப் பாருங்கள். அதற்குள் வேறு பயணம் இல்லையென்றால், ஒரு ரூபாய்க்கும் செலவழியுங்கள்; காலாவதியான மைலுக்குப் பெறுமதி இல்லை.