டாக்டரிடம் சொல்லும் கதையை ஐந்து கட்டமாகப் பிரிப்பது எப்படி?

"முன்னாடி ஏதாவது நோய் இருந்ததா? என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று டாக்டர் கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? ஞாபகத்துக்கு வந்ததை, வந்த வரிசையில் கொட்டிவிடுகிறோம். பாதிக் கதை வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் நினைவுக்கு வரும்!

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் குடியிருக்கும் குடும்பங்களுக்கு இதில் ஒரு சிக்கல் கூடுதல். சொந்த ஊர் ஒன்று, வேலை பார்க்கிற ஊர் வேறு. பழைய ஃபைல் ஊரில் பீரோவுக்குள் இருக்கும். ஒரு மாத்திரை இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வாங்கியது, இன்னொன்று வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் எழுதிக்கொடுத்தது. முழுக் கதையும் தெரிந்த குடும்ப டாக்டர் என்று ஒருவர் இருக்கமாட்டார். அந்த வேலையை ஒரு தாள்தான் செய்யவேண்டும்.

அந்தத் தாளை எப்படி எழுதுவது என்று ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். இது எந்தத் தனி மனிதரின் கதையும் அல்ல, பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்துச் சொல்வது. ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் 54 வயதுக்காரர். அவருடைய மனைவி டாக்டரிடம் சொல்கிறார்:

"அவருக்கு ஏழெட்டு வருஷமா சுகர். இப்ப கண்ட்ரோல்ல இருக்கு. நடுவுல நெஞ்சு வலி வந்து ஸ்பிரிங் வச்சாங்க, அதுக்கு மாத்திரை போடறாரு. ராத்திரி சின்னதா ஒரு வெள்ளை மாத்திரை. ஒரு தடவை பல் பிடுங்கப் போனப்ப ஊசி போட்டாங்க, உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டிப் போச்சு. வலி மாத்திரையும் அலர்ஜி, வயிறு எரியும். சின்ன வயசுல குடல் ஆபரேஷன். எங்க மாமா தூக்கத்துலேயே போயிட்டாரு. இப்ப கொஞ்ச நாளா நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தா வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது."

எல்லாமே இதில் இருக்கிறது. ஆனால் எதையும் சட்டென்று எடுக்க முடியாது. ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: அலர்ஜி, முன்பு வந்த நோய்கள், ஆபரேஷன்கள், மருந்துகள், குடும்ப நோய்கள்.

அலர்ஜி

மனைவி இரண்டு அலர்ஜி சொன்னார். உண்மையில் அலர்ஜி போலத் தெரிவது ஒன்றுதான். ஊசி போட்டதும் தடிப்பும் மூச்சுத்திணறலும் வந்தது அலர்ஜியின் அடையாளம். வலி மாத்திரையால் வயிறு எரிவது பக்கவிளைவு. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஸ்பிரிங் வைத்தவருக்கு உயிர்க் காவல் ஆஸ்பிரின். அதுவும் வலி மாத்திரை வகையைச் சேர்ந்தது. "வலி மாத்திரை அலர்ஜி" என்று எழுதியிருப்பதைப் பார்க்கும் புது டாக்டர், ஆஸ்பிரின் கொடுக்கவே தயங்குவார். அதனால் வயிற்றெரிச்சலை மருந்துக் கட்டத்தில் "ஒத்துக்கொள்ளாதது" என்று எழுதுங்கள்.

ஊசி என்ன ஊசி? மரத்துப்போகப் போட்டதா, ஆன்டிபயாடிக்கா, வலிக்கா? தெரியாவிட்டால் "பென்சிலினா இருக்கும்" என்று ஊகித்து எழுதாதீர்கள். பென்சிலின் அலர்ஜி என்று பெயர் வாங்கியவர்களில் பெரும்பாலானோருக்கு, முறையாகப் பரிசோதித்தால் அந்த அலர்ஜி இருப்பதில்லை. ஆனால் அப்படி எழுதிவிட்டால், அந்த வகை மருந்து முழுவதும் வாழ்நாளுக்கும் மறுக்கப்படலாம். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்: எந்த வருஷம், எதற்காகப் போட்ட ஊசி, எத்தனை நிமிஷத்தில், என்ன ஆனது, எப்படிச் சரியானது. பெயரை அந்தப் பல் டாக்டரிடமே கேட்டுப் பார்க்கலாம்.

முன்பு வந்த நோய்கள்

"ஸ்பிரிங் வச்சாங்க, மாத்திரை போடறாரு" என்ற ஒரே வரியில் மூன்று கட்டத்துக்கு விஷயம் இருக்கிறது. வந்த மாரடைப்பு நோய்க் கட்டத்துக்கு, வைத்த ஸ்டென்ட் ஆபரேஷன் கட்டத்துக்கு, மாத்திரை மருந்துக் கட்டத்துக்கு. இப்படிப் பிரிப்பதுதான் இந்த வேலையில் பாதி.

"ஏழெட்டு வருஷமா" என்று எழுதவேண்டாம். அடுத்த வருஷம் அது தப்பாகிவிடும். முதல் ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தேடி, வருஷத்தை எழுதுங்கள். "கண்ட்ரோல்ல இருக்கு" என்பதும் வேண்டாம், கடைசி பரிசோதனையின் எண்ணும் தேதியும் போதும். மாத்திரையால் அடங்கியிருக்கும் நோய், இல்லாத நோய் ஆகாது.

ஆபரேஷன்கள்

"குடல் ஆபரேஷன்" என்று நம் பக்கத்தில் இரண்டைச் சொல்கிறோம். ஒன்று குடல்வாலை எடுப்பது, மற்றொன்று குடலிறக்கத்தைச் சரி செய்வது. நாளைக்கு இவருக்கு வலது அடிவயிற்றில் வலி வந்தால், குடல்வால் இருக்கிறதா, எடுத்தாகிவிட்டதா என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வி. தழும்பு எங்கே என்று பாருங்கள். வலது அடிவயிற்றில் என்றால் பெரும்பாலும் குடல்வால், தொடை மடிப்பை ஒட்டி என்றால் குடலிறக்கம். ஊரில் இருக்கும் அம்மாவிடம் கேட்டும் உறுதி செய்துகொள்ளலாம்.

ஸ்டென்டுக்கு, வைத்த தேதியும் எந்த ரத்தக்குழாயில் என்பதும் டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும். அதைப் பார்த்து எழுதுங்கள். பெண்கள் சிசேரியனையும் கு.க. ஆபரேஷனையும் "அதெல்லாம் ஆபரேஷனா" என்று விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. கர்ப்பப்பை எடுத்திருந்தால் எதனால் எடுத்தார்கள் என்பதும் வேண்டும்.

மருந்துகள்

ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் மேஜையில் பரப்புங்கள். கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பார்த்து எழுதுங்கள். கூடவே எத்தனை மில்லிகிராம், எப்போது, எதற்காக. நாட்டு மருந்துக் கடைச் சூரணம், மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை எல்லாமே மருந்துதான்.

நம் உதாரணக்காரர் வீட்டில் கிடைத்தவை: ஆஸ்பிரின் 75, அடோர்வாஸ்டாடின் 40 (அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை இதுதான், கொழுப்புக்கு), டெல்மிசார்டன் 40, கிளிமிபிரைடு 1, பிறகு கிளிமிபிரைடு 2-ம் மெட்ஃபார்மின் 500-ம் சேர்ந்த ஒரு கூட்டு மாத்திரை.

ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு "காலை, இரவு" என்று எழுதினால் போதாது. இவர் நைட் ஷிஃப்ட் வாரத்தில் காலை 7 மணிக்கு வந்து, சுகர் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே படுத்துவிடுகிறார். உள்ளபடி அதையே எழுதவேண்டும்.

குடும்ப நோய்கள்

"எங்க மாமா" என்றால் யார்? மாமனாரா, தாய்மாமனா, அக்கா வீட்டுக்காரரா? தமிழில் எல்லோருமே மாமாதான்! இந்தக் கட்டத்தில் நோயாளிக்கு ரத்த சொந்தம் யாரோ அவர்கள் மட்டுமே வரவேண்டும். அதனால் "நோயாளியின் அப்பா" என்று உறவைப் பிரித்து எழுதுங்கள்.

அடுத்து வயசு. கேட்டுப் பார்த்தால், அப்பா இறந்தது 48 வயதில். அப்பா அல்லது அண்ணன் தம்பிக்கு 55 வயதுக்கு முன்பும், அம்மா அல்லது அக்கா தங்கைக்கு 65 வயதுக்கு முன்பும் இதய நோய் வந்திருந்தால், டாக்டர்கள் அதைத் தனியாகக் கவனிப்பார்கள். அதற்காக "ஹார்ட் அட்டாக்" என்று நாமே தீர்மானிக்கக் கூடாது. "48 வயதில் தூக்கத்தில் திடீர் மரணம், காரணம் தெரியாது" என்பதுதான் சரி. அப்பாவின் கதை இவருடைய பிள்ளைகளுக்கும் வேண்டிய செய்தி.

இப்போது குறுக்கே பாருங்கள்

கட்டங்களை நிரப்பியதோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் ஒரு நோய்க்குக் கோடு போடுங்கள். அமெரிக்க டாக்டர் லாரன்ஸ் வீட் 1968-ல் வெளியிட்ட கட்டுரையில் வற்புறுத்தியதும் கிட்டத்தட்ட இதைத்தான்: நோயாளியின் பிரச்னைகளுக்கு எண் கொடுத்துப் பட்டியலிட வேண்டும், ஒவ்வொரு சிகிச்சையும் எந்தப் பிரச்னைக்கு என்று தெரியவேண்டும்.

கோடு போட்டதும் இரண்டு விஷயம் வெளியே வருகிறது. முதலாவது, டெல்மிசார்டனுக்கு ஜோடி இல்லை. அது பொதுவாக ரத்தக்கொதிப்புக்குக் கொடுப்பது. மனைவி பி.பி.யைச் சொல்லவே இல்லை. கேட்டால், "அது நார்மல்னு சொல்லிட்டாங்களே!" என்கிறார். மாத்திரையால் நார்மல். அதை நோய்க் கட்டத்தில் சேர்க்கவேண்டும்.

இரண்டாவது, சுகருக்கு இரண்டு அட்டையிலிருந்து கோடு வருகிறது, இரண்டிலும் கிளிமிபிரைடு. ஒன்று பழைய சீட்டில் உள்ளது, மற்றொன்று புது கிளினிக்கில் கொடுத்தது. கம்பெனிப் பெயர் வேறு என்பதால் இரண்டையும் சாப்பிட்டு வந்திருக்கிறார். இது சுகரை இறக்கும் மருந்து. இரண்டு பங்கு மருந்து, காலியான வயிறு, தூக்கம் என்று மூன்றும் சேர்ந்தால் சுகர் மளமளவென்று இறங்கிவிடும். அந்த வேர்வைக்கும் நடுக்கத்துக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். இந்த மாதிரி இரட்டிப்பு தெரிந்தால் அன்றைக்கே, அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே, டாக்டரைக் கேட்டு எதை விடுவது என்று முடிவு செய்யவேண்டும். நடுக்கம் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்டென்ட் வைத்தவர் என்பதால், நெஞ்சு வலியோடு வேர்வை வந்தாலும் தாமதிக்காமல் 108-தான்.

முடிந்த தாள் இப்படி இருக்கும்

அலர்ஜி: பெயர் தெரியாத ஊசி, பல் பிடுங்கும்போது, 2014. சில நிமிஷத்தில் தடிப்பு, மூச்சுத்திணறல்.

நோய்கள்: சுகர் 2017 முதல். மாரடைப்பு 2019. ரத்தக்கொதிப்பு 2019 முதல்.

ஆபரேஷன்கள்: குடல்வால் நீக்கம், சுமார் 12 வயதில். ஸ்டென்ட் ஒன்று, 2019.

மருந்துகள்: மேலே கண்ட ஐந்தும், அளவோடும் உண்மையில் சாப்பிடும் நேரத்தோடும். கிளிமிபிரைடு இரண்டு அட்டையில் உள்ளது, டாக்டரிடம் கேட்கவேண்டும். ஒத்துக்கொள்ளாதது: வலி மாத்திரை, வயிற்றெரிச்சல்.

குடும்பம்: அப்பா 48 வயதில் தூக்கத்தில் மரணம், காரணம் தெரியாது. அம்மா, உடன்பிறந்தவர்கள்: இன்னும் கேட்கவில்லை.

கடைசி வரியைக் கவனித்தீர்களா? எந்தக் கட்டத்தையும் வெறுமனே விடாதீர்கள். "இல்லை" என்பது வேறு, "தெரியாது" என்பது வேறு, "கேட்கவில்லை" என்பது வேறு. வெற்றுக் கட்டத்தைப் பார்க்கிற டாக்டருக்கு இந்த மூன்றில் எது என்று புரியாது.

தாளின் தலையில் தேதி போடுங்கள். மாத்திரை மாறினால் அடித்துத் திருத்தாமல் புதுத் தாள் எழுதி, பழையதைக் கிழித்துவிடுங்கள். ஒரு பிரதி வீட்டில், ஒன்று கம்பெனி அடையாள அட்டைக்குப் பின்னால், போனில் ஒரு படம். ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கும் அடுத்த முறை போகும்போது மாத்திரை அட்டைகளை மேஜையில் பரப்பி ஒரு தாள் எழுதிவிட்டு வாருங்கள்.