எடுத்த சீட்டைத் திரும்பப் போடலாமா?

பொங்கல் விழாவிலோ ஆண்டு விழாவிலோ பரிசுச் சீட்டுக் குலுக்கல் நடக்கும்போது ஒரு கேள்வி எழுவது வழக்கம். பரிசு விழுந்த சீட்டை மறுபடி டப்பாவில் போட்டுக் குலுக்குவதா, தனியே எடுத்து வைப்பதா? பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில், இதன் பின்னால் இருக்கும் கணக்கை இங்கே விளக்குகிறேன். அவர்கள் 'பைனாமியல்' என்று படிக்கும் பாடத்தை, தமிழில் ஈருறுப்புப் பரவலை, எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதும் இதில் தெரிந்துவிடும்.

டப்பாவில் 20 சீட்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 4 நம் வீட்டாருடையவை. பரிசுகள் 5. நமக்கு ஒரு பரிசுகூடக் கிடைக்காமல் போக நிகழ்தகவு என்ன?

சீட்டைத் திரும்பப் போட்டால் ஒவ்வொரு முறையும் டப்பா பழைய நிலைக்கே வருகிறது. நம் சீட்டு வராமலிருக்க வாய்ப்பு எப்போதும் 16/20, அதாவது 0.8. ஐந்து முறையும் வராமலிருக்க 0.8-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும். விடை 0.328. இதுதான் ஈருறுப்புக் கணக்கு.

திரும்பப் போடாவிட்டால் டப்பா ஒவ்வொரு முறையும் மாறுகிறது. முதலில் பிறர் சீட்டு வந்தால், மிச்சமுள்ள 19-இல் பிறருடையவை 15 மட்டுமே. இப்படியே தொடர்ந்தால்:

16/20 × 15/19 × 14/18 × 13/17 × 12/16 = 0.282

சேர்வு முறையில் இதையே C(16,5) / C(20,5) = 4368 / 15504 என்று எழுதலாம். இதற்கு 'ஹைப்பர்ஜியோமெட்ரிக்' பரவல் என்று பெயர். பெயர்தான் மிரட்டுகிறதே தவிர, உள்ளே இருப்பது சேர்வுகளை எண்ணும் வேலைதான். ஆகவே, சீட்டைத் திரும்பப் போடாதபோது வெறுங்கையோடு வீடு திரும்பும் வாய்ப்பு 33 சதவீதத்திலிருந்து 28 ஆகக் குறைகிறது.

இங்கே மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "திரும்பப் போடாவிட்டால் ஐந்தாவது சீட்டு நம்முடையதாக இருக்கும் வாய்ப்பு மாறிவிடுமே?" என்பார்கள். முந்தைய நான்கையும் பார்க்காத வரை மாறாது. 20 சீட்டில் எதுவும் ஐந்தாவதாக வரச் சம வாய்ப்பு உண்டு; அதில் நம்முடையவை 4. எனவே ஐந்தாவதற்கும் 1/5 தான். அதனால் இரண்டு முறையிலும் நமக்குச் சராசரியாகக் கிடைப்பது 5 × 1/5 = 1 பரிசு.

சராசரி ஒன்றேயானால் வித்தியாசம் எங்கே? ஒரு சீட்டின் முடிவு அடுத்ததைப் பாதிக்கிறது. நம் சீட்டு ஒன்று வந்துவிட்டால் டப்பாவில் நம்முடையவை குறைகின்றன; அடுத்ததும் நமக்கே விழுவது கடினமாகிறது. வராமல் போனால் நம் பங்கு கூடுகிறது. இப்படி டப்பா தானே முடிவுகளை நடுப்பக்கம் இழுக்கிறது. மூன்று அல்லது அதற்கு மேல் பரிசுகள் ஒரே வீட்டுக்குப் போகும் வாய்ப்பு, திரும்பப் போட்டால் 5.8 சதவீதம், போடாவிட்டால் 3.2 தான். பரவற்படியும் அப்படியே: ஈருறுப்பில் 0.80. அதை (20−5)/(20−1), அதாவது 15/19 ஆல் பெருக்கினால் நமக்கு வேண்டிய 0.63 கிடைக்கிறது.

தவறான சூத்திரத்தைப் போட்டுவிட்டோமா என்று கண்டுபிடிக்க எளிய வழி, ஓரத்தில் பார்ப்பது. ஐந்து பரிசும் நமக்கே விழ ஈருறுப்புக் கணக்கு 0.00032 என்று விடை தரும். திரும்பப் போடாத டப்பாவில் நம் சீட்டு நான்குதானே? ஐந்தாவது எங்கிருந்து வரும்? நடக்கவே முடியாததற்கு ஒரு சூத்திரம் வாய்ப்புத் தருமானால், அது அந்தக் கணக்குக்கு உரியதல்ல.

டப்பா மிகப் பெரிதானால் இந்த வித்தியாசம் கரைந்துவிடும். 2000 சீட்டில் 400 நம்முடையவை, பரிசு 5 என்றால், ஒன்றும் கிடைக்காத வாய்ப்பு ஒரு முறையில் 0.3277, மற்றதில் 0.3273. எடுப்பது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவென்றால் ஈருறுப்பே போதும் என்று பொதுவாகக் கொள்வார்கள். நம் குலுக்கலில் எடுப்பது கால் பங்கு. அங்கே அது செல்லாது.

ஆகவே விழாக் குழுவினருக்கு என் பதில்: சராசரியில் எந்த முறையும் யாருக்கும் அநியாயம் செய்வதில்லை. ஆனால் பரிசுகள் பல வீடுகளுக்குப் போய்ச்சேர வேண்டுமானால் சீட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி: 10 சீட்டு, நம்முடையவை 3, பரிசு 2. ஒன்றும் கிடைக்காத வாய்ப்பை இரு முறையிலும் காண்க. (விடை: திரும்பப் போட்டால் 0.49, போடாவிட்டால் 7/15, அதாவது சுமார் 0.47.)